பருத்தி உள்ளுறை

ஆவடியில் குளிர் என்று ஒன்று உண்டென்றால் அது மார்கழி விடியற்காலையில் வந்து, பால் வாங்கப் போகிறவர்களின் காதில் ஒரு துண்டைச் சுற்றவைத்துவிட்டு, எட்டு மணிக்குள் ஓடிவிடும். தாட்சாயிணி தன் முப்பத்தாறு வயதுவரை பார்த்த குளிர் அவ்வளவுதான். நெருப்பைப் பற்றியானால் அவளுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம்.

அவளுடைய தங்கை பத்மா கொரட்டூரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஒரு நாள் காலையில் பால் காய்ச்சும்போது பம்பு ஸ்டவ்வின் தீ புடவை முந்தானையில் பற்றிக்கொண்டது. நைலக்ஸ் புடவை. அந்தத் துணி எரிவதோடு நிற்கவில்லை, உருகி உடம்போடு ஒட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் அதைப் பிரித்தெடுக்க முடியாமல் நர்ஸ் திணறியதைத் தாட்சாயிணி கட்டில் ஓரத்தில் நின்று பார்த்தாள். மூன்றாம் நாள் பத்மா போய்ச் சேர்ந்தாள். காரியம் முடிந்த கையோடு தாட்சாயிணி தன் வீட்டிலிருந்த நைலக்ஸ், நைலான், பாலியஸ்டர் எல்லாவற்றையும் மூட்டை கட்டி, பழந்துணிக்குப் பாத்திரம் கொடுப்பவனிடம் தள்ளினாள். பதிலுக்கு அவன் நீட்டிய எவர்சில்வர் டப்பாவைக்கூட அவள் வாங்கவில்லை.

அப்பா அம்மா முன்பே இல்லை. மிச்சமிருந்தது தம்பி மணவாளன் ஒருவன்தான். இருபத்திரண்டு வயது, நல்ல கபடி ஆட்டக்காரன். ஒரு பெரிய கம்பெனியில் விளையாட்டு வீரர்களுக்கென்று ஒதுக்கிய வேலைக்கு ஜூலையில் தேர்வு இருந்தது. அக்காவோடும் அத்தான் லோகநாதனோடும் ஆவடி குவார்ட்டர்ஸில்தான் அவன் வாசம். லோகநாதன் ராணுவத் தளவாடத் தொழிற்சாலைக்குப் போவார், வருவார், சாப்பிடுவார், பேப்பர் படிப்பார். வீட்டு அரசியலில் தலையிடாத புண்ணியவான். தாட்சாயிணி முன் அறையில் தையல் மெஷின் போட்டு, அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஜாக்கெட்டும் பாவாடையும் தைத்தாள். தம்பி வெளியே போனால் எத்தனை மணிக்கு வருவான் என்று கேட்பாள். வந்தால் ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்பாள். பாசம்தான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் பாசமும் உப்பு மாதிரி ஒன்று, கொஞ்சம் கூடினால் வாயில் வைக்க முடியாது.

அப்படிப்பட்டவளிடம், எண்பத்தெட்டாம் வருஷம் ஏப்ரலில், மணவாளன் இமயமலைக்குப் போகிறேன் என்றான்.

அழைத்துப் போகிறவன் செபாஸ்டியன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவன், மணவாளனுக்குப் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். அங்கே ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு மலையேறும் குழு வைத்திருந்தார்கள். செபாஸ்டியன் ஏற்கெனவே இரண்டு முறை இமாசலம் போய் வந்தவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு, கையில் ஒரு துணிச்சுருளை வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தான்.

"அக்கா, இத்த கொஞ்சம் தெச்சிக் குடேன். தையல் வுட்டுப்போச்சு."

தாட்சாயிணி சுருளைப் பிரித்தாள். மெல்லிய பட்டு, ஓர் ஆள் நீளத்துக்குப் பை மாதிரி தைத்திருந்தது. கடைசியாகப் போன பயணத்தில் ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனதாம்.

"இன்னாடா இது, பொணத்துக்குப் போடறாப்ல கீது?"

"ஐயே, இது லைனருக்கா. அங்க தூங்கறதுக்கு ஸ்லீப்பிங் பேக் குடுப்பாங்க. மெத்த மாரி பஞ்சு வெச்ச பை. ஒரே பைய ஊர்ல கீற அத்தினி பேரும் மாத்தி மாத்திப் படுக்கறது. அத்தத் தொவைக்கவும் முடியாது. அதான் உள்ளாற இத்தப் போட்டுகினு படுக்கணும். அழுக்கு இதோட போயிடும். கொஞ்சம் கதகதன்னும் இருக்கும். அவங்கவங்க ஊட்லருந்து எடுத்துகினு வரணும்."

தாட்சாயிணி பட்டைக் கையில் தேய்த்துப் பார்த்தாள். பளபளப்பு செத்துப்போய், தையல் ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்திருந்தது. அவளுக்குக் கோபம் வந்தது.

"சோடாவுல போட்டுத் தொவச்சியா?"

"சோப்புத்தூளு. கொஞ்சம் சோடாவும்."

"அடப்பாவி! பட்டப் போய் சோடாவுல போடுவாங்களா? முறுக்கிப் புழிஞ்சி வெயில்ல காயப்போட்டிருப்பியே?"

செபாஸ்டியன் தலையைச் சொறிந்தான். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசி, பிழியாமல் நிழலில் உலர்த்த வேண்டிய சாமான். நனைந்திருக்கும்போது பட்டுக்கு வலு குறைவு, அந்த நேரத்தில் அதைப் பிடித்து முறுக்கினால் அது என்ன செய்யும்? தாட்சாயிணி திட்டிக்கொண்டே தையல் போட்டாள். திட்டும்போதுதான் அவளுக்குத் தையல் நேராக வரும்.

"ஆனா இத்த அடிச்சிக்க எதுவும் இல்லக்கா" என்றான் செபாஸ்டியன். "சுருட்னா உள்ளங்கைக்குள்ள அடங்கிடும். உள்ள பூந்தா அஞ்சி நிமிஷத்துல சூடு கட்டும். மணவாளனுக்கும் ஒண்ணு தெச்சிடலாம். துணி வாங்கத்தான் வழி இல்ல."

தன் பட்டுப்புடவையை வெட்டுகிறேன் என்றாள் தாட்சாயிணி. சொன்னது மட்டுமல்ல, பீரோவைத் திறக்கவும் போனாள். மணவாளன் குறுக்கே நின்றான். "ஜரிகையோட எட தூக்கிகினு மல ஏறச் சொல்றியா? கண்ணாலத்துக்கு எடுத்த பொடவக்கா அது. மூடு பீரோவ."

பட்டு அத்தோடு போயிற்று. அடுத்த வாரம் செபாஸ்டியன் மெல்லிசான பாலியஸ்டர் துணி ஆறு மீட்டர் வாங்கி வந்தான். தாட்சாயிணி அதை விரல் நுனியால்கூடத் தொடவில்லை. பதிலுக்குத் தன் கல்யாணத்துக்கு வந்த ஜமக்காளப் பெட்டியிலிருந்து இரண்டு பருத்திப் படுக்கை விரிப்புகளை எடுத்தாள். ஒரே ராத்திரியில் மூன்று பக்கமும் மூட்டி, இரட்டைத் தையல் போட்டு, பை ஆக்கினாள். காலையில் வழக்கம்போல நீலம் போட்டு அலசிக் கஞ்சியும் போட்டுவிட்டாள். அது காய்ந்து அப்பளம் மாதிரி விறைத்து நின்றதைப் பார்த்து மணவாளன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "இதுக்குள்ள எப்டி பூர்றது? ஒடச்சிகினு போவணுமா?" அவளுக்கும் சிரிப்பு வந்தது. மறுபடி அலசினாள். பத்மா போனபின் அந்த வீட்டில் இருவரும் சேர்ந்து அப்படிச் சிரித்தது அபூர்வம்.

செபாஸ்டியன் விடவில்லை. தெருவில் வந்த காய்கறிக்கார வேம்புலியம்மாளின் தராசைக் கேட்டு வாங்கினான். ஒரு தட்டில் பட்டு உறையை வைத்து மறு தட்டில் கத்திரிக்காய் போட்டான். நாலு பிஞ்சுக் கத்திரிக்காய்க்கே பட்டு மேலே போய்விட்டது. பாலியஸ்டர் துணிக்கு இரண்டு கை கத்திரிக்காய் பிடித்தது. பருத்தி உறையை வைத்ததும் தட்டு தரையில் உட்கார்ந்தது. அரைக் கிலோ கல்லைப் போட்டும் அசையவில்லை.

"பாரு, முதுவுல இத்தத் தூக்கிகினு பத்து நாளு நடக்கணும்" என்றான்.

"என் தம்பி கபடி ஆடறவன். அரைக் கிலோ அவனுக்கு ஒரு பாரமா?"

"சரி, அங்க ஈரம் காயாதுக்கா. பருத்தி தண்ணிய உறிஞ்சி வெச்சிக்கும். இது அப்டி இல்ல. உதறிக் கொடில போட்டா காஞ்சிடும்."

தாட்சாயிணி பேச்சை வளர்ப்பவள் இல்லை, செய்து காட்டுபவள். இரண்டையும் குழாயடியில் நனைத்துக் கொடியில் போட்டாள். பாலியஸ்டர் பத்து நிமிஷத்தில் காய்ந்தது. பருத்தி, சோறு வடித்துக் குழம்பு இறக்கும் நேரத்துக்குள் மொரமொரவென்று காய்ந்துவிட்டது. "இன்னா பெரிய வித்தியாசத்தக் கண்டுட்ட?" என்று கேட்டாள். ஆவடி சித்திரை வெயிலில் எருமைத்தோலைப் போட்டாலும் காயும் என்று அங்கே யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை. செபாஸ்டியனுக்கும்கூட.

பிறகு அவள் தன் முறைக்கு ஒன்று செய்தாள். பாலியஸ்டரின் ஓரத்தில் ஒரு துண்டு கத்தரித்து, இடுக்கியில் பிடித்து, தீக்குச்சியைக் கிழித்து வைத்தாள். துணி சுருங்கியது. ஓடி ஒளிவதுபோல் உள்வாங்கி, கறுப்புப் பாகாக உருகி, சிமெண்டுத் தரையில் ஒரு சொட்டு விழுந்து உறைந்தது. அந்த வாசனை எழுந்ததும் மணவாளன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அங்க டெண்ட்டுக்குள்ள அடுப்பே பத்த வெக்க மாட்டாங்கக்கா" என்று செபாஸ்டியன் மெதுவாகச் சொன்னான். "சமையலுக்குத் தனி கூடாரம்."

"வெளக்கு இருக்குமா, இருக்காதா?"

"இருக்கும். அரிக்கேன்."

"அவ்ளோதான்."

தாட்சாயிணி மணவாளனின் வலது கையைப் பிடித்துத் தன் உச்சந்தலையில் வைத்துக்கொண்டாள். "ஒருத்திய நெருப்புக்கு வாரிக் குடுத்துட்டேன். எந்தலமேல சத்தியம் பண்ணு. ஒரு ராத்திரி வுடாம இந்தப் பருத்திலதான் படுப்பேன்னு சொல்லு. இல்லாங்காட்டி நீ போவத் தேவயில்ல."

தலைமேல் வைத்த சத்தியம் விளையாட்டில்லை. மீறினால் யார் தலையோ அவர் உயிருக்கு ஆகாது. படித்தவன், படிக்காதவன், கோயிலுக்குப் போகிறவன், போகாதவன் என்று அதில் பேதமில்லை. மணவாளன் செபாஸ்டியனைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். அவள் கண் இரண்டும் நிரம்பியிருந்தன.

"சரிக்கா, சத்தியம்" என்றான்.

அவளுக்கு அன்றைக்கு வயிறு நிறைந்துபோயிற்று. பாலியஸ்டர் துணியைச் செபாஸ்டியன் எடுத்துக்கொண்டு போய் வேறு தையல்காரரிடம் தனக்கென்று ஒரு பை தைத்துக்கொண்டான். ஏனென்றால் அந்தப் பட்டு இன்னொரு பயணம் தாங்காது என்று தாட்சாயிணியே சொல்லியிருந்தாள்.

மே மாதம் சென்ட்ரலில் ரயில் ஏறினார்கள். ஏறும்போதுகூட "அழுக்கானா தொவச்சிக்கோ, அழுக்குத் துணில படுக்காத" என்றுதான் சொல்லி அனுப்பினாள்.

ஜூன் நடுவில் மணவாளன் செபாஸ்டியனின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலால் தத்தித் தத்தி வந்து வாசலில் நின்றான். இடது பாதம் முழுக்கக் கட்டு. ஷூவுக்குள் பனி புகுந்துவிட்டது என்றான், சரியாகிவிடும் என்றான். சென்னை ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டைப் பிரித்தபோது தாட்சாயிணி பார்த்தாள். பெருவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் கரியாக இருந்தன. பார்த்த மாத்திரத்தில் தீக்காயம் என்றே நினைத்தாள். குளிர் இப்படிச் செய்யும் என்று டாக்டர் சொன்னபோது அவளால் நம்ப முடியவில்லை. எது செத்தது, எது பிழைத்தது என்று கோடு பிரியட்டும், அதுவரை காத்திருக்கலாம் என்றார் அவர். ஜூலை முதல் வாரத்தில் கோடு பிரிந்தது. மூன்று விரல்களையும் எடுத்தார்கள். கம்பெனித் தேர்வு நாள் வந்தது, போனது.  அன்றைக்கு லோகநாதன் பேப்பரை அதே பக்கத்தில் வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தார்.

செபாஸ்டியன் அதற்குப் பின் வீட்டுப்பக்கம் வரவில்லை. தாட்சாயிணிக்கு அவன்மேல் ஆத்திரமாக வந்தது. அழைத்துப் போனவன் அவன், பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்க வேண்டியவனும் அவன்தானே? ஒரு மாலை அம்பத்தூருக்கே பஸ் ஏறிப் போய், ஷிப்ட் விடும் நேரத்தில் பட்டறை வாசலில் நின்றாள். வெளியே வந்தவனைச் சைக்கிளோடு மறித்தாள்.

"அவ்ளோ பேர் போனீங்களே, எவனுக்கும் ஒண்ணும் ஆவல. என் தம்பிக்கு மட்டும் எப்டிடா ஆச்சி? நீ இன்னா புடுங்கிகினு இருந்த?"

 செபாஸ்டியன் சைக்கிளை ஸ்டாண்டு போட்டான். பிறகு அவளை நேராகப் பார்த்தான்.

"சொல்லக் கூடாதுன்னான். நீ கேக்கற, அதனால சொல்றேன்."

மூன்றாவது கேம்ப்பில் ஒரு நாள் ஓய்வு. எல்லோரும் துணி துவைத்தார்கள். செபாஸ்டியனின் பாலியஸ்டர் பை சாயங்காலத்துக்குள் காய்ந்துவிட்டது. மணவாளன் துவைத்துப் போட்ட பருத்தி உறை மறுநாள் காலையாகியும் காயவில்லை. மேகம் கூடாரத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிற இடத்தில் எங்கிருந்து காயும்? ஈரத்தோடு மடித்து முதுகில் தூக்கினான், கனம் இரண்டு மடங்கு. நாலாவது கேம்ப்பில் மழை பிடித்தது. இருட்டியதும் மழை பனியாக மாறியது. கூடாரத்தின் கால்மாட்டில் தண்ணீர் ஊறி, ஏற்கெனவே ஈரமாயிருந்த உறையின் அடிப்பக்கம் சொதசொதவென்று ஆகிவிட்டது.

"லீடரு ஒவ்வொரு டெண்ட்டா வந்து சொன்னாருக்கா. ஈரத்துணி எதுவா இருந்தாலும் கழட்டி எறி, காஞ்ச சாக்ஸ மாட்டிகினு பைக்குள்ள நேரா படு, அழுக்கப் பாக்காதன்னாரு. எல்லாரும் கழட்டிட்டோம். என்னுதும் நனைஞ்சிச்சி, ஆனா உதறினா தண்ணி போயிடிச்சி. அத்த அவனுக்குக் குடுத்தேன். வாங்கல. அந்த ஈரத்துக்குள்ளாறயே பூந்துகினான். காஞ்ச சாக்ஸ் மாட்டியும் இன்னா பிரயோஜனம், அரை மணில அதுவும் ஊறிப்போச்சி. கெஞ்சினேன். கையப் புடிச்சி இழுத்தேன். எங்கக்கா தல மேல சத்தியம் பண்ணிகீறேன்டா, ஏற்கனவே ஒருத்தி போயிட்டா, இவளும் போனா நான் இன்னா செய்வேன்னு சொல்லி அழுதான். அதுக்கு மேல நான் இன்னா பண்றது?"

காலையில் விரல்கள் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. வலி இல்லை என்றான். வலி இல்லாததுதான் கெட்டது என்று அவனுக்குத் தெரியவில்லை. அந்தக் காலோடு நாள் முழுக்கப் பனியில் கணவாய் தாண்டி நடந்தான். கீழே ஊருக்கு வந்து ஷூவைக் கழற்றியபோதுதான் கொப்புளம் தெரிந்தது.

"பத்து நாள்ல டெண்ட்டுக்குள்ள ஒரு பொறி பறக்கலக்கா" என்றான் செபாஸ்டியன். அதில் குத்தல் இல்லை. அவனுக்கும் கண் கலங்கியிருந்தது.

பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் தாட்சாயிணிக்கு ஒரே நினைப்புதான். கொடியில் போட்ட துணி. நம் ஊரில் காய்ச்சல் என்றால் பருத்தித்துணியை நனைத்துத்தானே நெற்றியில் போடுகிறோம்? உடம்புச் சூட்டை இழுக்கட்டும் என்றுதானே போடுகிறோம்? அது அவளுக்குத் தெரியாததா? தெரிந்த அதே வித்தையைத் தம்பியின் காலில் இரவு முழுக்கக் கட்டி அனுப்பியிருக்கிறாள். இருந்த ஒருவனை முழுசாக வைத்துக்கொள்ளத்தான் அத்தனையும் செய்தாள்.

வீட்டில் மணவாளன் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, ரேடியோவில் எதையோ கேட்டுக்கொண்டிருந்தான். அவள் ரேடியோவை அணைத்தாள். அவன் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்தாள்.

"செபாஸ்டியனப் பாத்துட்டு வரேன்."

அவன் முகம் மாறியது. "அவனுக்கு வாயி நிக்காது" என்றான்.

"மூணு விரல எடுத்துட்டாங்களேடா. ஆட்டம் போச்சு, வேல போச்சு. நாந்தானே எல்லாத்துக்கும்? ஒரு வார்த்த திட்டுடா என்ன. சனியனேன்னு சொல்லு. எதுனா சொல்லு."

மணவாளன் கட்டுப்போட்ட பாதத்தைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டான்.

"திட்டலாம்க்கா" என்றான். "திட்டினா நீ அழுவ. நீ அழுதா நான்தான் சமாதானம் பண்ணணும். சத்தியம் பண்ணதும் அதுக்குத்தான், கழட்டாததும் அதுக்குத்தான். இப்ப எனக்குத் தெம்பு இல்ல. கொஞ்ச நாள் என்ன வுட்டுடேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். சின்ன வயதில் அவளிடம் பேசும் அதே மெல்லிய குரலில் சொன்னான்.  கண்ணைத் துடைக்கப் புடவைத் தலைப்பை எடுத்தவள், அவன் பார்க்கிறானோ என்று பயந்து கையைக் கீழே இறக்கிக்கொண்டாள். எழுந்தாள். ரேடியோவைப் போட்டுவிட்டு, சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.